காஞ்சிபுரத்துப் பட்டுச் சரக்கும் கிளைம் கன்சல்டன்ட் கட்டணமும்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியின் சரக்கு ஒரே இடத்தில் இருப்பதில்லை. கோராப் பட்டும் ஜரிகையும் கொஞ்சம் கிடங்கில் இருக்கும். சாயத்துக்குப் போனது சாயப்பட்டறையில் இருக்கும். பாவு ஓட்டக் கொடுத்தது வேறொரு தெருவில் கிடக்கும். பிள்ளையார்பாளையத்தில் பத்து வீட்டுத் தறிகளில் பாதி நெய்த சேலைகள் நிற்கும். நெய்து முடிந்து மடித்து வைத்தவை கடையில் இருக்கும். தீயோ வெள்ளமோ இதில் எந்த இடத்தைத் தொட்டாலும், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போய் நிற்கும்போது எழும் முதல் கேள்வி, 'அன்றைக்கு அங்கே எவ்வளவு சரக்கு இருந்தது?' என்பதுதான். முப்பது லட்சம், ஐம்பது லட்சம் என்று நஷ்டம் போகும்போது இந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லப் பலருக்குத் தைரியம் இருப்பதில்லை. அந்த நேரத்தில்தான், "கிளைம் எடுத்துக் கொடுக்கிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்" என்று ஒருவர் வந்து நிற்கிறார்.

அவரை வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு கொடுக்கலாம், கொடுத்தால் பலன் உண்டா என்பதைப் பட்டுத் தொழிலின் கணக்கைக் கொண்டே பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. ஆளை வைப்பதா வேண்டாமா என்பதைவிட, எந்தத் தொகையின் மேல் அவருக்குச் சதவீதம் என்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து. காரணத்தைக் கணக்கே சொல்லும்.

முதலில் யார் யார் என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நஷ்டம் நடந்தபின் கம்பெனி அனுப்பும் சர்வேயர் நம் ஆள் அல்ல. சட்டப்படி அவர் கம்பெனியின் ஆளும் அல்ல. 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யூஎம் பிரிவின்படி, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நஷ்டத்தை உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்து அறிக்கை தந்த பிறகே கம்பெனி பணம் தரலாம். வாகனம் அல்லாத கிளைம்களில் இந்த எல்லை இப்போது ஒரு லட்சம் ரூபாய். அவருடைய கட்டணத்தைக் கம்பெனிதான் கொடுக்கிறது. பாலிசிதாரர் அவருக்கு ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. 'சர்வேயருக்குக் கொஞ்சம் செலவு பண்ணணும்' என்று யாராவது சொன்னால் அது லஞ்சம் கேட்பதுதான். அந்த ஆளோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

சர்வேயர்களுக்கான விதிகளை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் வகுத்தது. அதில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு. சர்வேயரைக் கம்பெனி நியமித்தாலும் பாலிசிதாரர் நியமித்தாலும், அவர் கம்பெனிக்கு அறிக்கை தந்து, நகலைப் பாலிசிதாரருக்கும் தர வேண்டும் என்பது அது. உரிமம் பெற்ற சர்வேயரை நாமே அமர்த்தும் வாய்ப்பை விதியே ஒத்துக்கொள்கிறது. நடைமுறையில் அப்படிச் செய்பவர்கள் மிகக் குறைவு.

'கிளைம் கன்சல்டன்ட்' என்பவரின் நிலை வேறு. இங்கிலாந்தில் பாலிசிதாரருக்காகக் கிளைம் நடத்துபவரை லாஸ் அசெஸர் என்பார்கள். அவர் நிதி ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் பப்ளிக் அட்ஜஸ்டர் என்ற பெயரில் மாநில உரிமம் உண்டு, கட்டண உச்சவரம்பும் பல மாநிலங்களில் உண்டு. டெக்சாஸில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஃப்ளோரிடாவில் பொதுவாக இருபது, பேரிடர் அறிவிக்கப்பட்ட காலத்துக் கிளைம்களில் பத்து. இந்தியாவில் அப்படியொரு உரிமமும் இல்லை, கட்டண அட்டவணையும் இல்லை. ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி, பழைய சர்வேயர், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், முன்னாள் ஏஜெண்ட் என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். நல்லவர்கள் அதில் உண்டு. யார் நல்லவர் என்று சொல்லும் முத்திரைதான் இல்லை.

வக்கீல்களும் ஆடிட்டர்களும் இதிலிருந்து வேறுபடுகிறார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசவோ, வரும் பணத்தில் பங்கு கேட்கவோ வக்கீலுக்கு உரிமை இல்லை என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. பட்டயக் கணக்காளர்களுக்கும் முடிவைப் பொறுத்த கட்டணம் பொதுவாகத் தடை. ஆகவே 'கிடைத்ததில் இத்தனை சதவீதம்' என்று பேசுபவர், வக்கீலாகவோ ஆடிட்டராகவோ இருந்துகொண்டு அதைச் சொன்னால், தன் தொழில் விதியையே மீறுகிறார். வேறு எந்த விதியை மீறத் தயங்குவார் என்று நாம் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கே பணம் குறைகிறது

கன்சல்டன்ட் எதைச் சரிசெய்ய முடியும் என்று தெரிய, சர்வேயர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று தெரிய வேண்டும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஆளும் தொகையும் என் கற்பனை. கணக்குமுறை நடைமுறையில் உள்ளது.

ஒரு நெசவு முதலாளி. 2021 ஏப்ரலிலிருந்து ஐந்து கோடி ரூபாய் வரையுள்ள சிறு தொழில்களுக்கு வந்துள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியைத் தன் கிடங்குச் சரக்குக்கு ஒரு கோடிக்கு எடுத்திருக்கிறார். தீபாவளிக்கு முன் அக்டோபரில் கிடங்கில் மின்கசிவால் தீப்பிடிக்கிறது. ஒரு பக்கம் எரிந்துபோகிறது. மீதியில் பெரும்பகுதி தீயணைப்புத் தண்ணீரிலும் புகையிலும் கெடுகிறது. பிழைத்தது பதினைந்து லட்சம் ரூபாய்ச் சரக்கு.

எரிந்ததை எண்ண முடியாது. எனவே சர்வேயர் கணக்குப் புத்தகத்தைக் கொண்டு பின்னோக்கிப் போவார். ஏப்ரல் முதல் தேதி இருப்பு 90 லட்சம். அதன்பின் வாங்கிய பட்டும் ஜரிகையும் 85 லட்சம். நெசவுக் கூலியும் சாயக்கூலியும் 40 லட்சம். ஆக 2 கோடியே 15 லட்சம். இதே காலத்தில் விற்றது ஒன்றரைக் கோடி. விற்பனையிலிருந்து லாபத்தைக் கழித்தால் வெளியே போன சரக்கின் அடக்கவிலை கிடைக்கும். மொத்த லாபம் இருபது சதவீதம் என்றால் அடக்கம் 1 கோடியே 20 லட்சம். இருக்க வேண்டிய சரக்கு 95 லட்சம். அதில் நெசவாளர் வீடுகளில் கொடுத்த பட்டும் ஜரிகையும் தறியில் நிற்பதும் பேரேட்டின்படி 20 லட்சம். கிடங்கில் இருந்தது 75 லட்சம். பிழைத்த 15 லட்சத்தைக் கழித்தால் நஷ்டம் 60 லட்சம்.

சர்வேயர் கடந்த ஒரு வருடத்தின் கணக்கை மட்டும் பார்த்து லாபம் பன்னிரண்டு சதவீதம் என்று எடுத்தால்? அடக்கம் 1 கோடியே 32 லட்சமாக ஏறும். இருப்பு 83 லட்சமாக இறங்கும். நஷ்டம் 48 லட்சமாகிவிடும். லாபச் சதவீதத்தில் எட்டு புள்ளி மாறியது, பன்னிரண்டு லட்சம் ரூபாய் காணாமல் போயிற்று. பாலிசியில் எந்த வரியும் மாறவில்லை, எந்தச் சேலையும் கூடுதலாகப் பிழைக்கவில்லை.

போன வருடம் லாபம் ஏன் குறைந்தது? தேங்கிப்போன பழைய டிசைன்களைத் தள்ளுபடியில் கழித்திருக்கலாம். வெளியூர் வியாபாரியிடம் வாங்கி விற்ற சேலைகளில் லாபம் குறைவு, சொந்தத் தறியில் நெய்ததில் அதிகம் என்றிருக்கலாம். இவற்றை மூன்று வருடக் கணக்கோடு, பில் வாரியாகப் பிரித்துக் காட்டினால் எந்தச் சர்வேயரும் கேட்பார். காட்டாவிட்டால் அவர் தன்னிடம் இருக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொள்வார். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. கணக்கைப் பிரித்துக் காட்டத் தெரிந்த ஆளுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அந்த ஆள் பெரும்பாலும் நம் ஆடிட்டராகவே இருப்பார். நேரக் கூலிக்கோ ஒரு மொத்தத் தொகைக்கோ செய்து தருவார்.

இரண்டாவது இடம், கெட்ட சரக்கின் மிச்ச மதிப்பு. சால்வேஜ் என்று சொல்வார்கள். மற்ற துணிகளில் இது சிறிய விஷயம். காஞ்சிபுரத்தில் அப்படி இல்லை. அசல் ஜரிகை, சிவப்புப் பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. சேலை கருகிப்போனாலும் வெள்ளி போகாது. பழைய பட்டுச்சேலையை எடைக்கு வாங்கிக் கொள்பவர்கள் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் உண்டு. எனவே சர்வேயர் மிச்ச மதிப்பைக் கழிப்பது நியாயமே. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் தகராறு. எல்லாச் சேலையிலும் அசல் ஜரிகை என்று வைத்துக்கொண்டு அவர் பத்து லட்சம் கழித்திருக்கலாம். பாதிச் சேலைகளில் செப்புக் கம்பி ஜரிகை இருந்ததென்று கொள்முதல் பில்லும், ஜரிகைச் சோதனையும் காட்டினால் கதை வேறு. நாமே மூன்று வியாபாரிகளிடம் எழுத்தில் விலை கேட்டு வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. நம் உதாரணத்தில் அவர்கள் ஆறு லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள் என்று வைப்போம்.

இப்போது இரண்டு முடிவுகள் எதிரெதிரே நிற்கின்றன. சர்வேயரின் கணக்கு 48-இல் 10 போக 38 லட்சம். ஆதாரத்தோடு வாதாடினால் 60-இல் 6 போக 54 லட்சம். பாலிசியில் உள்ள கட்டாயப் பிடித்தத்தை எளிமைக்காக விட்டுவிட்டேன். இடைவெளி 16 லட்சம்.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும், இதில் கன்சல்டன்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. முதலாளி முதலில் எழுதிக் கொடுத்த தொகை 75 லட்சம். ஏனென்றால் அவர் கடை விலையில் கணக்குப் போட்டார். இந்தப் பாலிசி சரக்குக்கு அடக்கவிலையைத்தான் தரும், வராத லாபத்தைத் தராது. 'நான் விற்பனை விலையே வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் பாலிசியைப் படிக்கவில்லை, அல்லது நீங்கள் படிக்கவில்லை என்று நம்புகிறார்.

உள்ளீட்டு ஜி.எஸ்.டி. இதற்கு நேர் எதிர். அது கேட்டால்தான் வரும். அழிந்த சரக்குக்கு முன்பு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டும். அது உண்மையான நஷ்டம். காப்பீட்டுத் தொகையில் வரியையும் சேர்த்திருந்தால் அதைக் கோரலாம். பலர் கேட்பதே இல்லை.

கட்டணக் கணக்கு

இந்தியாவில் சட்ட அட்டவணை இல்லை என்றேன். தனிநபர்களின் மறுக்கப்பட்ட கிளைம்களை எடுக்கும் ஆட்கள் கேட்பது பெரும்பாலும் கிடைத்ததில் பத்து முதல் பதினைந்து சதவீதம், அதோடு ஒரு சிறு பதிவுக் கட்டணம். தொழிற்சாலை, கிடங்கு போன்ற பெரிய கிளைம்களில் தொகை பெரிதாவதால் சதவீதம் இறங்கும். பேரம் பேசினால் இன்னும் இறங்கும். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. சதவீதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். எதன் மேல் சதவீதம் என்பதை யாரும் கேட்பதில்லை.

நம் உதாரணத்துக்கே வருவோம். மொத்தத் தொகையில் பத்து சதவீதம் என்று ஒப்பந்தம். கன்சல்டன்ட் முழுவதும் வென்று 54 லட்சம் வாங்கித் தந்தால் கட்டணம் 5 லட்சத்து 40 ஆயிரம், வரியோடு ஏறக்குறைய 6 லட்சத்து 37 ஆயிரம். கூடுதலாக வந்த 16 லட்சத்தில் இது போனால் ஒன்பதரை லட்சத்துக்கு மேல் மிச்சம். நல்ல பேரம்தான். பாதி வென்று 46 லட்சம் கிடைத்தால் கட்டணம் வரியோடு சுமார் 5 லட்சத்து 43 ஆயிரம். கூடுதலாக வந்தது 8 லட்சம். மிச்சம் இரண்டரை லட்சம். நான்கு லட்சம் மட்டும் கூட்டி 42 லட்சம் வாங்கினால் கட்டணம் வரியோடு சுமார் 4 லட்சத்து 96 ஆயிரம். முதலாளி ஆளே வைக்காமல் 38 லட்சத்தை வாங்கிக்கொண்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிட இப்போது கையில் நிற்பது ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் குறைவு. கன்சல்டன்ட் மட்டும் நஷ்டப்படவில்லை.

இதே ஆளுக்குச் சதவீதத்தை உயர்த்தி, கூடுதலாக வந்ததில் மட்டும் பதினைந்து சதவீதம் என்று பேசியிருந்தால்? முழுவதும் வென்றால் 2 லட்சத்து 40 ஆயிரம், வரியோடு சுமார் 2 லட்சத்து 83 ஆயிரம். நான்கு லட்சம் மட்டும் கூட்டினால் எழுபதாயிரத்துச் சொச்சம். எந்த நிலையிலும் முதலாளிக்கு நஷ்டம் வராது. கன்சல்டன்ட்டுக்கும் கூட்டுவதில் மட்டுமே லாபம் என்பதால், சீக்கிரம் முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போகும் ஆசை குறையும்.

இதற்கு ஒரு சிக்கல் உண்டு. கூடுதல் என்று சொல்ல, அதற்கு முன் ஒரு அடித்தொகை எழுத்தில் இருக்க வேண்டும். சர்வேயர் அறிக்கையோ கம்பெனியின் முதல் கடிதமோ வந்த பிறகு ஆளை அமர்த்தினால் அது தானாகவே இருக்கும். தீப்பிடித்த மறுநாளே அமர்த்தினால் இருக்காது. முதல் நாளிலேயே வேண்டுமென்றால் சதவீதம் பேசாமல், பட்டியல் தயாரிப்பு, கணக்குப் பிரிப்பு, சர்வேயரோடு கூட்டங்கள் என்று வேலைக்கு ஒரு மொத்தத் தொகை பேசிவிடுவதே மேல். எதுவும் கிடைக்காமல் கிளைம் முழுவதும் நிராகரிக்கப்பட்டிருந்தால் மட்டும் அடித்தொகை பூஜ்யம். அப்போது மொத்தத்தில் சதவீதம் என்பதும் கூடுதலில் சதவீதம் என்பதும் ஒன்றே.

'இந்தக் கட்டணத்தைக் கம்பெனியே கொடுக்கும்' என்று சிலர் சொல்வார்கள். தீ பாலிசியில் கட்டிட வல்லுநர், சர்வேயர், ஆலோசனைப் பொறியாளர் கட்டணம் என்று ஒரு வரி உண்மையில் உண்டு. பழைய நிலையான தீ பாலிசியில் கிளைம் தொகையில் மூன்று சதவீதம் வரை, சூக்ஷ்ம பாலிசியில் ஐந்து சதவீதம் வரை. அது பொதுவாக எரிந்ததை மீண்டும் கட்டி எழுப்புவதற்கான கட்டணத்துக்கு. கிளைமைத் தயாரித்துக் கொடுத்தவருக்கு அல்ல. கிளைம் தயாரிப்புச் செலவைத் தனியாகச் சேர்க்கும் விதி பெரிய தொழிற்சாலைப் பாலிசிகளில் காணப்படும். கிடங்குப் பாலிசியில் இருக்கிறதா என்று பத்திரத்தைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அதிகம் நிரூபித்துக் குறைவாக வாங்குவது

இந்தத் துறையில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது குறைக் காப்பீட்டுக் கணக்கு. காப்பீட்டுத் தொகையைவிடச் சரக்கின் மதிப்பு அதிகமாக இருந்தால், நஷ்டத்தையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். சூக்ஷ்ம பாலிசியில் பதினைந்து சதவீதம் வரையுள்ள குறையைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதைத் தாண்டினால் விகிதக் குறைப்பு வந்துவிடும்.

நம் முதலாளி ஒரு கோடிக்குப் பதில் 55 லட்சத்துக்குத்தான் பாலிசி எடுத்திருந்தார் என்று வைப்போம். வெள்ளி விலை ஏறும்போது ஜரிகை விலை ஏறும், பாலிசித் தொகை ஏறாது. எனவே இது காஞ்சிபுரத்தில் அபூர்வமல்ல. சர்வேயர் சொன்ன லாபக் கணக்கின்படி கிடங்கில் 63 லட்சம் இருந்தது. குறை சுமார் பதின்மூன்று சதவீதம், எல்லைக்குள். ஆகவே நஷ்டம் 48-இல் 6 போக 42 லட்சம் முழுதாகக் கிடைக்கும். இப்போது கன்சல்டன்ட் மிகத் திறமையாக வாதாடி, கிடங்கில் 75 லட்சம் இருந்தது என்று நிரூபிக்கிறார். குறை இருபத்தேழு சதவீதத்துக்குப் போய்விடுகிறது. நஷ்டம் 54 லட்சம், அதில் 75-க்கு 55 பங்கு என்றால் 39 லட்சத்து 60 ஆயிரம். திறமையான வாதம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தைக் குறைத்துவிட்டது, கட்டணம் தனி.

இந்தக் கணக்கை முதல் சந்திப்பிலேயே போட்டுக் காட்டுகிறவர் தொழில் தெரிந்தவர். 'எவ்வளவு இருந்தது, தொண்ணூறா? நூறு என்று எழுதுங்கள்' என்பவர் ஆபத்தானவர். ஏனென்றால் தொகை குறைவதோடு போவதில்லை. பொய்யான கணக்கோ மோசடியான கோரிக்கையோ தெரிந்தால் முழுப் பலனும் இழக்கப்படும் என்று தீ பாலிசிகளில் நிபந்தனை உண்டு. வங்கியில் கடனுக்காக மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டும் சர்வேயர் கைக்குப் போகும். கடன் வரம்புக்காக அதில் சரக்கைக் கூட்டி எழுதிய பழக்கம் இருந்தால், புத்தகத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைக் கன்சல்டன்ட்டால் மறைக்க முடியாது, விளக்கத்தான் முடியும்.

நெசவாளர் வீட்டில் உள்ள சரக்கின் கதை இன்னொன்று. மேலே சொன்ன தீ கிடங்கில் நடந்தது. மழையில் தெருவில் தண்ணீர் ஏறி, குழித்தறிகளுக்குள் நீர் புகுந்து பாவு அழுகினால், அந்த 20 லட்சத்தில் எவ்வளவு கிடைக்கும்? பாலிசியில் எழுதிய முகவரி கிடங்கு மட்டும்தான். வேலைக்காக வெளியே அனுப்பிய சரக்குக்குச் சூக்ஷ்ம பாலிசி சரக்குக் காப்பீட்டுத் தொகையில் பத்து சதவீதம் வரை தரும். ஒரு கோடிப் பாலிசியில் அது பத்து லட்சம். அதற்கு மேல் எந்தக் கன்சல்டன்ட்டும் நகர்த்த முடியாத சுவர். நெசவாளரின் சொந்தத் தறிக்கு இதில் இடமே இல்லை.

உச்ச நீதிமன்றம் எங்கே நிற்கிறது

பாலிசிதாரர் தரப்பில் அடிக்கடி காட்டப்படுவது 2009-இல் நியூ இந்தியா எதிர் பிரதீப் குமார் வழக்கில் வந்த தீர்ப்பு. சர்வேயர் அறிக்கை அடிப்படையாக இருக்கலாம், ஆனால் கட்டுப்படுத்துவதல்ல என்றது அது. அதே ஆண்டில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், காரணம் சொல்லாமல் தனக்குப் பிடித்த அறிக்கை கிடைக்கும்வரை கம்பெனி சர்வேயர்களை மாற்றிக்கொண்டே போக முடியாது என்றும் சொன்னது.

கன்சல்டன்ட்டுகள் சொல்லாமல் விடும் தீர்ப்பு 2021-இன் கட்டிமா ஃபைபர்ஸ் வழக்கு. காகித ஆலையின் கழிவுக் காகிதக் குவியல் எரிந்தது. ஆலை புத்தகக் கணக்கின்படி சுமார் 13 கோடி கேட்டது. சர்வேயர் குவியலின் பரப்பையும் உயரத்தையும் அளந்து கொள்ளளவைக் கொண்டு கணக்கிட்டு மூன்று கோடிக்கும் குறைவாக மதிப்பிட்டார். விதிப்படி நடந்த சர்வேயரின் மதிப்பீட்டை நுகர்வோர் ஆணையம் எளிதில் ஒதுக்க முடியாது என்று சொல்லி, ஆலையின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பட்டுக்கு இதிலுள்ள பாடம் நேரடியானது. அலமாரி எத்தனை, ஒரு தட்டில் எத்தனை சேலை என்று அளந்து, 'இந்தக் கிடங்கில் இத்தனை லட்சத்துக்குச் சரக்கு அடங்காது' என்று சர்வேயர் எழுதிவிட்டால், பிறகு வழக்கில் அதைப் புரட்டுவது கடினம். ஆகவே வாதம் நடக்க வேண்டிய இடம் நீதிமன்றம் அல்ல. சர்வேயர் கிடங்கில் நிற்கும் அந்த முதல் சில நாள்கள். எரிந்த அலமாரிகளைச் சர்வேயர் பார்க்கும் முன் அப்புறப்படுத்தாமல் விடுவதும், புகைப்படமும் வீடியோவும் எடுப்பதும், எரியாத மூட்டைகளைச் சர்வேயரோடு சேர்ந்து எண்ணிக் கையெழுத்து வாங்குவதும் எந்த வக்கீல் நோட்டீசையும்விட அதிக மதிப்புள்ளவை. இவற்றை நாமே செய்யலாம்.

காலக்கெடுவும் இப்போது பாலிசிதாரர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 2024-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைகளின்படி தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை பெற வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பெரிய கிளைமில் இந்த வேகம் நடப்பதில்லை என்பது வேறு. ஆனால் தாமதத்தைக் காட்டி, 'நான் போனால்தான் ஃபைல் நகரும்' என்று விலை பேசுபவருக்கு இந்தச் சுற்றறிக்கையே பதில்.

வங்கிக் கடன் உள்ள சரக்கென்றால் கிளைம் பணம் பெரும்பாலும் நேரே வங்கிக்குப் போகும். ஒப்பந்தத்தில் 'பணம் வந்த மூன்று நாளில் கட்டணம்' என்று எழுதிவிட்டு, பணம் கடன் கணக்கில் அமிழ்ந்துபோய்க் கன்சல்டன்ட்டுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாமல் நிற்பவர்கள் உண்டு. ஆகவே கட்டணம் எப்போது, எந்தக் கணக்கிலிருந்து என்பதையும் பேசிக்கொள்ள வேண்டும். பணத்தைத் தன் பெயரில் வாங்கும் அதிகாரப் பத்திரத்தையும், வெற்றுத்தாள் கையெழுத்தையும் எந்த நிலையிலும் கொடுக்கக் கூடாது.

உதவுகிறதா

அமெரிக்காவில் ஃப்ளோரிடா சட்டமன்றத்தின் ஆய்வுப் பிரிவு 2010-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இந்தத் துறையில் எல்லோராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. பப்ளிக் அட்ஜஸ்டர் வைத்தவர்களுக்கு வைக்காதவர்களைவிட அதிகம் கிடைத்தது. முடியவும் அதிக நாள் ஆனது. எவ்வளவு அதிகம்? 2005 புயல் கிளைம்களில் 747 சதவீதம் என்று விளம்பரங்கள் சொல்லும். அதே அறிக்கையில் 2004 புயல் கிளைம்களில் வேறுபாடு 19 சதவீதம்தான் என்பதை விளம்பரம் சொல்லாது. ஒரே மாநிலம், ஒரே தொழில், அடுத்தடுத்த ஆண்டுகள். இவ்வளவு தூரம் எண்கள் விலகுவதே அவை ஆளின் திறமையை மட்டும் அளக்கவில்லை என்பதற்குச் சாட்சி. பெரிய நஷ்டமும் சிக்கலான கிளைமும் உள்ளவர்கள்தான் ஆள் வைக்கிறார்கள். சின்ன நஷ்டக்காரர் தானே முடித்துக்கொள்கிறார். இரு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆள் வைத்தவருக்குத்தான் அதிகம் கிடைத்திருக்கும்.

என் கணிப்பு இது. ஐந்தாறு லட்சத்து நஷ்டத்துக்குக் கன்சல்டன்ட் வேண்டாம். பாலிசியை விற்ற புரோக்கர் இருந்தால் கிளைமில் துணை நிற்பது அவர் கடமைகளில் ஒன்று. அவருக்கு ஏற்கெனவே கம்பெனி தரகு கொடுத்துவிட்டது. பல இடங்களில் சிதறிக் கிடக்கும் சரக்கு, கணக்கு மட்டுமே ஆதாரம், வெள்ளி மிச்சம் என்று மூன்றும் சேர்ந்த பெரிய கிளைமில் ஆள் வைப்பது பலன் தரும், அந்த ஆளுக்குச் சரக்குக் கணக்கு தெரிந்திருந்தால். நிபந்தனையை மீறியதால் முழுவதும் மறுக்கப்பட்ட கிளைமுக்கு வேண்டியவர் வக்கீல்.

கம்பெனி தரும் தொகை குறைவென்று தோன்றி, ஆனால் உடனே பணம் தேவைப்பட்டால், டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பயமுறுத்துவார்கள். அது முழு உண்மையல்ல. சூரத்தில் மழை வெள்ளத்தில் நனைந்த ஜவுளிச் சரக்கைப் பற்றிய போகாரா பாலிஃபேப் வழக்கில், வற்புறுத்திக் கையெழுத்து வாங்கப்பட்டதாகக் காட்ட முடிந்தால் தகராறு உயிரோடு இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வவுச்சரில் கையெழுத்திட்டதால் மட்டும் அதிகத் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று 2015 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் சுற்றறிக்கை விட்டது. இருந்தாலும் 'ஆட்சேபணையோடு பெறுகிறேன்' என்று கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அடுத்த படியில் கன்சல்டன்ட்டின் தேவை இன்னும் குறைகிறது. தனிநபர் முதலாளியாகவோ குறுந்தொழிலாகவோ இருந்தால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் 50 லட்சம் ரூபாய் வரையுள்ள புகாரைக் கட்டணமில்லாமல் கொடுக்கலாம்; கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். அங்கே வக்கீலுக்கும் கன்சல்டன்ட்டுக்கும் இடமில்லை, முதலாளியே பேச வேண்டும். அதைத் தாண்டிய தொகைக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டத்தின்படி எந்த ஆணையத்தில் வழக்குப் போடுவது என்பதைக் கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை. கட்டிய பிரீமியம்தான் தீர்மானிக்கும். ஆகவே ஒரு கோடிக் கிளைமும் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கலாம். வியாபாரச் சரக்குக்கான பாலிசி என்பதால் மட்டும் நுகர்வோர் இல்லை என்று கம்பெனி சொல்ல முடியாது என்று 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. வழக்கு தொடுக்க இரண்டு ஆண்டு காலம். சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போனால், ஆணையத்தின் முன் எந்த லாபச் சதவீதத்தை, எந்தச் சால்வேஜ் விலையை எதிர்க்கிறோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம்.